6 கிலோ கொட்டானுக்கு 22 கிலோ கட்டணமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து கேட்கிறேன். ஆவணியில் அக்கா மகளுக்குப் புனேயில் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க மூன்று அளவில் 45 பனை ஓலைக் கொட்டான் வாங்கி, 60×45×40 செ.மீ. பெட்டியில் கட்டியாகிவிட்டது. எடை 6 கிலோதான். ஒரு கூரியரில் 22 கிலோ என்று போட்டு கிலோவுக்கு 70 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொரு இடத்தில் 24 கிலோ என்கிறார்கள், ஆனால் கிலோ 42 ரூபாய். ஏமாற்றுகிறார்களா? எதில் அனுப்புவது? 13,500 ரூபாய் சரக்கு, 2 சதவீதம் கட்டி இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

பதில்:

ஏமாற்றவில்லை. இரண்டு இடத்திலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பாதீர்கள். பிரித்து வேறு மாதிரி அடுக்கிக் கட்டினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

முதலில் அந்த 22 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வண்டியிலும் விமானத்திலும் எடை தீருவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அதனால் கூரியர்காரர்கள் தராசு காட்டும் எடையையும், பெட்டி அடைக்கிற இடத்திலிருந்து போடுகிற வால்யூமெட்ரிக் எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, கம்பெனி வைத்திருக்கும் எண்ணால் வகுப்பார்கள். விமானத்தில் போகும் சரக்குக்கு அந்த எண் பெரும்பாலும் 5000. தரைவழிச் சேவைகளில் 4500, 4000 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் பெட்டி 60×45×40, அதாவது 1,08,000. அதை 5000-ஆல் வகுத்தால் 21.6, மேலே முழுசாக்கினால் 22. இரண்டாவது இடத்தில் 24 வந்திருப்பதால் அவர்கள் 4500-ஆல் வகுக்கிறார்கள். அநேகமாக அது தரைவழிச் சேவையாக இருக்கும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 24 கிலோ என்றதும் "இவன் கூட்டிப் போடுகிறான்" என்று முதல் இடத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள். வகுக்கும் எண்ணைத் தனியாகப் பார்த்தாலும் தப்பு, கிலோ ரேட்டைத் தனியாகப் பார்த்தாலும் தப்பு. கொட்டான் மாதிரி லேசான சரக்குக்கு நீங்கள் உண்மையில் இடத்தைத்தான் வாடகைக்கு எடுக்கிறீர்கள், அதனால் ரேட்டை லிட்டருக்கு மாற்றிப் பாருங்கள். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். 5000-ஆல் வகுப்பவர் 5 லிட்டர் இடத்தை ஒரு கிலோவாக எண்ணுகிறார். அதற்கு 70 ரூபாய் என்றால் லிட்டருக்கு 14 ரூபாய். 4500-ஆல் வகுப்பவர் 4.5 லிட்டருக்கு 42 ரூபாய் வாங்குகிறார், லிட்டருக்கு 9 ரூபாய் 33 காசு. இப்போது எது மலிவு என்று ஒரே பார்வையில் தெரிகிறது அல்லவா? எத்தனை கம்பெனியில் விசாரித்தாலும் இந்த ஒரு எண்ணை வைத்து வரிசைப்படுத்திவிடலாம்.

கனமான சரக்குக்கு இது எதுவும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லை அனுப்புகிறவருக்குத் தராசு எடைதான் எப்போதும் அதிகமாக வரும், அவர் கிலோ ரேட்டை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் சரக்கு எந்தப் பக்கம் என்று தெரிய, பெட்டியின் அளவை லிட்டராக்கி 5-ஆல் வகுங்கள். தராசு எடை அதைவிடக் குறைவாக இருந்தால் இடத்துக்குத்தான் காசு. கண்டாங்கிச் சேலை மடித்து அடுக்கினால் பெரும்பாலும் எடைப் பக்கம் நிற்கும். மாவு உருண்டையும் அப்படித்தான். மனகோலம், தேன்குழல் எல்லாம் உள்ளே காற்றை வைத்துக்கொண்டிருப்பவை, அவை உங்கள் கொட்டான் பக்கம்.

கவுண்டரில் சொல்லும் கிலோ ரேட்டோடு பில் முடியாது. ஃபியூயல் சர்சார்ஜ் என்று ஒரு சதவீதம் ஏறும். தரைவழியில் டாக்கெட் சார்ஜ் என்று பில்லுக்கு ஒரு தொகை போடுவது வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இந்தச் சில்லறைகளை நீங்கள் எழுதவில்லை. கணக்குக்காக முதல் இடத்தில் சர்சார்ஜ் 20 சதவீதம் என்றும், இரண்டாவது இடத்தில் 15 சதவீதம், டாக்கெட் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டு வாங்கிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் 22 கிலோவுக்கு 1,540, சர்சார்ஜ் சேர்த்து 1,848, ஜி.எஸ்.டி.யோடு 2,181 ரூபாய். இரண்டாவது இடத்தில் 24 கிலோவுக்கு 1,008, சர்சார்ஜும் டாக்கெட்டும் சேர்த்து 1,259, ஜி.எஸ்.டி.யோடு 1,486 ரூபாய். கிலோ கூடுதலாகப் போட்ட இடம்தான் 695 ரூபாய் மலிவு.

சரி, இனி பெட்டிக்கு வருவோம். மூன்று அளவு என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். 45-ஐயும் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு கொட்டானுக்குள்ளும் இருக்கிற வெற்றிடத்துக்கும் காசு கட்டப் போகிறீர்கள். பெரியது சுமார் 15 செ.மீ., நடு 12, சின்னது 9 என்று வைத்துக்கொண்டால், சின்னதை மூடியோடு நடுக்கொட்டானுக்குள் வைத்து, அதை மூடி பெரியதற்குள் வைத்து, அதையும் மூடிவிடலாம். ஒவ்வொரு அளவிலும் 15 இருந்தால் 45 கொட்டான் 15 செட் ஆகிவிடும். நீளத்தில் 4, அகலத்தில் 2, மேலே கீழே 2 அடுக்கு என்றால் 16 இடம். 15-இல் செட் உட்காரும். மிச்சமிருக்கும் ஒரு இடத்தில் காகிதத்தைச் சுருட்டி இறுக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் வழியில் எல்லாம் ஆடி நகரும்.

உங்கள் கொட்டான்களின் அளவு நான் வைத்துக்கொண்டதைவிட முன்னே பின்னே இருக்கலாம். கட்டுவதற்கு முன் ஒரு செட்டைச் சேர்த்துப் பாருங்கள். மூடிக்கு மேல் பின்னல் லேஸோ குஞ்சமோ வைத்த ரகம் என்றால் மூடி உள்ளே முட்டும். அழுத்தாதீர்கள், ஓலை ஓரத்தில் மடிந்த கோடு விழுந்துவிட்டால் பிறகு போகாது. அந்த மூடிகளைத் தனியாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மெல்லிய காகிதம் வைத்துக் கட்டுங்கள்.

இப்படிக் கட்டினால் 62×32×32 செ.மீ. பெட்டி போதும். 63,488. இதை 4500-ஆல் வகுத்தால் 14.1 வரும், பில்லில் 15 கிலோ ஆகிவிடும். உயரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டரைக் குறைத்து 31 ஆக்குங்கள். 61,504 ஆகும், வகுத்தால் 13.7, பில்லில் 14. பெட்டிக் கடையில் அட்டையை வெட்டித் தரச் சொல்லும்போது இந்த வகுத்தலைக் கையோடு போட்டுப் பாருங்கள், ஒரு விரல்கடை ஒரு கிலோவாக மாறும் இடம் அதில் தெரியும். சில கம்பெனிகளில் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்றுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 14 கிலோவுக்கு 588, சர்சார்ஜ் 88, டாக்கெட் 100, ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் 916 ரூபாய். பழைய பெட்டிக்கு 1,486. கொட்டான் அதேதான், கம்பெனியும் அதேதான், 570 ரூபாய் மிச்சம். முதல் இடத்திலேயே விமானத்தில் அனுப்பினாலும் 13 கிலோ, 1,289 ரூபாய்தான் வரும். பழைய பெட்டியைத் தரைவழியில் அனுப்புவதைவிட, சரியாகக் கட்டியதை விமானத்தில் அனுப்புவது மலிவு என்று பாருங்கள்.

பெட்டியின் வயிறு புடைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அளப்பது அட்டையில் அச்சடித்த அளவை அல்ல, வெளியே அதிகம் துருத்திய இடத்தை. உங்கள் ஊர்க் கவுண்டரில் டேப்பை விளிம்பில் வைத்து அளந்து 14 என்று போட்டுவிடுவார்கள். பெரிய ஹப்புகளில் பெட்டி பெல்ட்டில் போகும்போதே மெஷின் அளந்துவிடும். அகலத்திலும் உயரத்திலும் 2 செ.மீ. புடைத்திருந்தால் 62×34×33 ஆகி, கணக்கு 16 கிலோவுக்குப் போய்விடும். அந்த இரண்டு கிலோவுக்கு 114 ரூபாய் பிறகு கேட்பார்கள். கவுண்டரில் ரொக்கம் கட்டியவர்களைவிட, இணையத்தில் முன்பணம் போட்டு வைத்து புக் செய்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது, அவர்கள் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். அதனால் பெட்டியை ஒட்டியதும் மூன்று பக்கத்திலும் டேப்பை வைத்து, எண் தெரிகிற மாதிரி மூன்று போட்டோ எடுத்து வையுங்கள். தராசில் வைத்தும் ஒன்று. தகராறு வந்தால் அதுதான் பேசும். துணியைச் சுற்றிச் சாக்குப்பையில் கட்டும் பழைய வழக்கம் இந்தச் சரக்குக்கு வேண்டாம். மூட்டைக்கு நேர்க்கோடு கிடையாது, எங்கே அளந்தாலும் அதிகமாகத்தான் வரும்.

ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வாங்குங்கள். மூன்றடுக்கு அட்டை உங்கள் 6 கிலோவைத் தாங்கும், ஆனால் மேலே வேறு ஆள் சரக்கு ஏறும்போது அமுங்கிவிடும். ஆவணியில் புனேயில் மழை இருக்கும், உள்ளே பாலித்தீன் உறை அவசியம். கட்டுவதற்கு முந்தின நாள் கொட்டான்களை நிழலில் காற்றாட வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீனுக்குள் போன ஓலை பூஞ்சை பிடித்துவிடும்.

தூரத்துக்கு எப்படி ரேட் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதில் ஒரு தவறான ஆசை எழும். தபால் துறை ஸ்பீடு போஸ்ட்டில் கிலோமீட்டர் பார்க்கிறது. 200, 500, 1000, 2000 கி.மீ. என்று எல்லைகள் உண்டு. புனே நமக்கு 1000-க்கு மேல், 2000-க்குள். அங்கேயும் பார்சலுக்கு வால்யூமெட்ரிக் கணக்கு உண்டு, எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று கவுண்டரில் கேட்டு, அதே லிட்டர் கணக்கில் சேர்த்து ஒப்பிடுங்கள். தனியார் கூரியர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, மண்டலம் பார்க்கிறார்கள். ஊருக்குள் ஒரு ரேட், மாநிலத்துக்குள் அல்லது பக்கத்து மாநிலத்துக்கு ஒரு ரேட், பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்கு ஒன்று, மற்ற இந்தியாவுக்கு ஒன்று, வடகிழக்கு, காஷ்மீர் போன்ற இடங்களுக்கு ஒன்று. இதில் பெருநகர ரேட் கிடைக்க இரண்டு முனையும் பெருநகரமாக இருக்க வேண்டும். புனேயைப் பெருநகரமாகச் சேர்த்திருக்கும் கம்பெனியாக இருந்தாலும், தேவகோட்டையோ காரைக்குடியோ அதில் வராது. அதனால் உங்கள் பெட்டி "மற்ற இந்தியா" ரேட்டில்தான் போகும்.

இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு உடனே ஒரு யோசனை வரும். பஸ் பார்சலில் சென்னைக்குப் போட்டு, அங்கே சொந்தக்காரரை விட்டு பெருநகர ரேட்டில் புக் செய்யலாமே என்று. உங்கள் அளவுக்கு அது கட்டாது. கிலோவுக்கு 6 ரூபாய் குறைந்தாலும் 14 கிலோவுக்கு 84 ரூபாய், சர்சார்ஜும் வரியும் சேர்த்தால் 114. பஸ்ஸில் போடும் கூலி, அங்கே ஆட்டோ இரண்டும் அதை விழுங்கிவிடும். பெட்டியை ஒருமுறை கூடுதலாக ஏற்றி இறக்குவதும் உண்டு, ஓலைச் சரக்குக்கு அதுதான் பெரிய கெடுதல். மாதாமாதம் பத்துப் பெட்டி அனுப்புகிற கடைக்காரருக்கு வேண்டுமானால் சரி.

மண்டலத்தைவிட உங்களுக்கு முக்கியம் ஓ.டி.ஏ. என்று அவர்கள் சொல்லும் கூடுதல் கட்டணம். கம்பெனியின் வழக்கமான டெலிவரி வட்டத்துக்கு வெளியே இருக்கும் பின்கோடுகளுக்கு இதைத் தனியாக வாங்குவார்கள், சில சமயம் சரக்குக் கூலியில் பாதிக்கு வந்துவிடும். கல்யாண மண்டபம் புனேக்கு வெளியே ஏதாவது ரிசார்ட்டில் என்றால் அந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். நகருக்குள் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைப் போடுங்கள். இந்தப் பக்கமும் அப்படித்தான். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து எடுக்கச் சொன்னால் அதற்கும் ஓ.டி.ஏ. விழலாம், காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தால் விழாது. நீங்கள் தேவகோட்டையில் கவுண்டரிலேயே கொடுத்தால் உங்களுக்கு அந்தப் பக்கம் தொல்லை இல்லை. புனே பின்கோடு ஓ.டி.ஏ.வில் வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸுக்கு வருவோம். அவர்கள் சொன்ன 2 சதவீதம் பெரும்பாலும் கேரியர்ஸ் ரிஸ்க் என்பது. சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ அறிவித்த மதிப்பு வரை கம்பெனி பொறுப்பு. 13,500-க்கு 270 ரூபாய், வரியோடு 319. இன்னொன்று ஓனர்ஸ் ரிஸ்க். அதற்குச் சின்னத் தொகைதான் வாங்குவார்கள், பில்லிலும் ஏதோ ஒரு சார்ஜ் தெரியும், ஆனால் பொறுப்பு உங்களுடையது. பில்லில் காசு போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், எந்த ரிஸ்க் என்று பில்லில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் எடுக்காவிட்டால் கிடைப்பது மிகக் குறைவு. ஸ்பீடு போஸ்ட்டில் பொருள் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று விதி இருந்து வந்திருக்கிறது. லாரிப் பார்சலில் அனுப்பினாலும், மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாதவரை அவர்கள் பொறுப்புக்கு வரம்பு வைக்கிறது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம்.

உங்கள் பெட்டிக்கு என் அபிப்பிராயம், எடுங்கள். ஆனால் எதற்கு எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். பெட்டி காணாமல் போனால் இது உதவும். மொத்தமாக நசுங்கியோ நனைந்தோ வந்தாலும் உதவலாம், ஆனால் "பேக்கிங் போதாது" என்பதுதான் கம்பெனி சொல்லும் முதல் பதிலாக இருக்கும். அதனால்தான் ஐந்தடுக்கு அட்டையும் கட்டும்போது எடுத்த போட்டோவும். தாமதத்துக்கு இது பைசா தராது. முகூர்த்தம் முடிந்து மறுநாள் பெட்டி வந்தால் கேட்க வழியில்லை. அந்த ஆபத்துக்கு மருந்து நாள் மட்டும்தான். தரைவழிக்கு ஒரு வாரம் என்று சொன்னால் இரண்டு வாரம் முன்னால் அனுப்புங்கள். அந்த அவகாசம் இல்லையென்றால் 1,289 கொடுத்து விமானத்தில் போடுங்கள், 319-ஐ இன்ஷூரன்ஸில் போடுவதைவிட, தரைவழி 916-க்கும் இதற்கும் உள்ள 373 வித்தியாசத்தில் போடுவது நல்லது.

எல்லாச் சரக்குக்கும் இதே பதில் இல்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு வழியில் உடைவதைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள், அங்கே நாலு கல் கூடுதலாக அனுப்புவதுதான் இன்ஷூரன்ஸ். பட்டுச் சேலை மாதிரி சின்னப் பொட்டலத்தில் பெரிய மதிப்பு என்றால் யோசிக்காமல் எடுக்க வேண்டும்.

மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். பிரீமியம் 170 ரூபாய் குறையும் என்று 5,000 என்று போட்டால், கிடைப்பதும் 5,000-க்கு மேல் வராது. கொட்டான் வாங்கிய இடத்தில் ஒரு பில் எழுதி வாங்குங்கள். "கொட்டான் ஒரு லாட்" என்று இல்லாமல் பெரியது 15, நடு 15, சின்னது 15, ஒவ்வொன்றின் விலை என்று இருக்க வேண்டும். அதில் ஒரு நகல் பெட்டிக்குள், ஒன்று வெளியே உறையில், ஒன்று உங்கள் கையில்.

அப்புறம் அக்கா வீட்டில் பெட்டியை வாங்கப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூலை நசுங்கியிருந்தாலோ அட்டை ஈரமாக இருந்தாலோ, டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை அந்தச் சீட்டிலேயே எழுத வேண்டும். செல்போனில் கையெழுத்து வாங்கினால், டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியை அவர் கையோடு சேர்த்துப் போட்டோ எடுக்க வேண்டும். பிரிக்கும்போது டேப்பை அறுப்பதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, 319 கட்டியிருந்தாலும் கேட்பது கஷ்டம். புகாரை அன்றைக்கே மெயிலில் டாக்கெட் எண்ணோடு அனுப்பிவிடுங்கள், எத்தனை நாளுக்குள் என்று பில்லின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கட்டுவதற்கு முன்பே அதைப் படித்து நாளைக் குறித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டால் நல்லது.